பத்து மார்க் கேள்வி: எந்த வரிக்கு எத்தனை மார்க்?

கேள்வி: "ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததற்கு வெர்சாய் உடன்படிக்கையே முதன்மைக் காரணம்." இக்கருத்தை ஆராய்க. (10 மதிப்பெண்)

போன தேர்வில் இதற்கு நாலு பக்கம் எழுதி 5 மார்க் வாங்கியவர்கள் நிறையப் பேர். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. உடன்படிக்கையின் ஷரத்துகள் ஒன்றுவிடாமல் இருந்தன, ஆனால் கேட்டது அதை இல்லையே. 'முதன்மை', 'ஆராய்க' இரண்டையும் அடிக்கோடு போட்டுவிட்டுக் கீழே உள்ள விடையைப் படியுங்கள்.

விடை, பத்தி 1: வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியர்களிடம் ஆறாத கசப்பை உண்டாக்கியது. ஆனால் அந்தக் கசப்பை வாக்குகளாக மாற்றியது 1929-க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவு. வாக்குகளை ஆட்சியாக மாற்றியது சில அரசியல்வாதிகளின் தப்புக்கணக்கு.

[1 மார்க்] மூன்றே காரணம், மூன்றுக்கும் உள்ள உறவும் தெரிகிறது. 'ஹிட்லர் 1889-இல் ஆஸ்திரியாவில் பிறந்தார்' என்று தொடங்கியவர்களுக்கு இந்த மார்க் போச்சு.

பத்தி 2: 1919-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு போருக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. ராணுவம் ஒரு லட்சம் பேராகக் குறைக்கப்பட்டது. இழப்பீடு 1921-இல் 132 பில்லியன் தங்க மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதில் கையெழுத்திட்டது புதிய குடியரசு அரசு என்பதால், மக்களில் பலருக்குத் தோல்வியும் ஜனநாயகமும் ஒன்றாகத் தெரிந்தன. குடியரசைத் தாக்க ஹிட்லருக்கு இது தயாராகக் கிடைத்த ஆயுதம்.

[3 மார்க்] முதல் மூன்று வாக்கியத்துக்குச் சேர்த்து 1 மார்க்தான். இன்னும் ஐந்து ஷரத்தை அடுக்கினாலும் அது ஏறாது. மீதி 2 மார்க் 'என்பதால்' என்ற சொல்லில் தொடங்குகிறது. போரில் தோற்ற கோபம் ஏன் குடியரசின் மேல் திரும்பியது என்று அங்கேதான் விடை சொல்கிறது.

பத்தி 3: உடன்படிக்கை மட்டுமே காரணம் என்றால் நாஜிக் கட்சி 1920-களிலேயே வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1923-இல் மியூனிக்கில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றது. 1928 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 2.6% வாக்கு. அமெரிக்கக் கடனை நம்பி நிமிர்ந்திருந்த பொருளாதாரம் 1929-க்குப் பின் சரிந்தது. 1932-இல் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வேலையின்றி இருந்தனர். நாஜி வாக்கு 1930-இல் 18.3%, 1932 ஜூலையில் 37.3%. உடன்படிக்கை இருந்தபடியேதான் இருந்தது; மாறியது மக்களின் நிலை.

[3 மார்க்] முழு விடையிலும் எனக்குப் பிடித்த இடம் இது. 2.6 என்ற எண்ணைப் பாருங்கள். உடன்படிக்கை வந்து ஒன்பது வருஷம் கழிந்தும் கட்சி அந்த இடத்தில்தான் நிற்கிறது என்று காட்டியதும், கேள்வியில் உள்ள 'முதன்மை' ஆட்டம் காண்கிறது, அதற்குமேல் பக்கம் பக்கமாக வாதாட வேண்டியதில்லை. இதே எண்ணை 'நாஜிக் கட்சியின் வளர்ச்சி' என்று தலைப்பு போட்டு அட்டவணையாக எழுதிய ஒருவருக்கு 1 மார்க்தான் போட்டேன். தகவல் ஒன்றே, வேலை வாங்கவில்லை. தசமம் மறந்துவிட்டால் '3 சதவீதத்துக்கும் குறைவு' என்று எழுதுங்கள், மார்க் குறையாது. ஞாபகம் இல்லாமல் 12.6 என்று அடித்துவிட்டால்தான் வாதமே உட்கார்ந்துவிடும்.

பத்தி 4: 37.3 சதவீதமும் பெரும்பான்மை இல்லை. 1932 நவம்பரில் அது 33.1% ஆக இறங்கியது. இருந்தும் ஹிட்லரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பாப்பன் போன்றோர் நம்பினர்; 1933 ஜனவரி 30-இல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக நியமித்தார்.

[2 மார்க்] 'ஹிட்லர் பெரும்பான்மை பெற்று வென்றார்' என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். இல்லை. அவர் நியமிக்கப்பட்டார். இறங்குமுகத்தில் இருந்த கட்சியின் தலைவர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்பதை உடன்படிக்கையாலும் விளக்க முடியாது, வேலையின்மையாலும் முடியாது.

பத்தி 5: ஆகவே உடன்படிக்கை தேவையான பின்னணி, முதன்மைக் காரணம் அல்ல. பொருளாதாரச் சரிவு இல்லாவிட்டால் 1928-இன் சிறு கட்சியை யாரும் பேரம் பேச அழைத்திருக்க மாட்டார்கள்.

[1 மார்க்] எதை மேலே வைக்கிறோம், ஏன் என்று இரண்டு வரியில் சொல்லியாயிற்று. உடன்படிக்கைதான் முதன்மை என்று முடித்தாலும் மார்க் உண்டு, ஆனால் அந்த 2.6-க்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'இவ்வாறு பல காரணங்களால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்' என்று முடித்தால் சைபர். அந்த வரியைப் பெயரை மட்டும் மாற்றி முசோலினிக்கும் எழுதலாம்.