தொற்றுக் கட்டுப்பாட்டுத் தணிக்கை: தரக் குழுவுக்கான சுருக்கம்

தணிக்கை நாட்கள்: 2026 மார்ச் 11, 12. பார்த்த இடங்கள்: ஊசி அறை, டிரெஸ்ஸிங் அறை, ஸ்டெரிலைசேஷன் அறை, கழிவு வைப்பிடம்.

குழு உடனே முடிவெடுக்க வேண்டியது ஆட்டோகிளேவ் பற்றி. பதிவேட்டில் எல்லா நாளும் 121 டிகிரி, 15 பவுண்டு, 30 நிமிடம் என ஒரே பேனாவில் இருக்கிறது. கிளினிக் மூடியிருந்த பிப்ரவரி 22 ஞாயிறுக்கும் அதே பதிவு. இன்டிகேட்டர் ஸ்ட்ரிப் பிப்ரவரி 9 அன்றே தீர்ந்துவிட்டது. வாரந்தோறும் செய்ய வேண்டிய ஸ்போர் சோதனை கடைசியாக நடந்தது நவம்பரில். 12ஆம் தேதி மாலை ஸ்ட்ரிப் வாங்கி வைத்து ஓட்டினோம். டிரம்மின் வெளியே ஒட்டிய டேப் நிறம் மாறியது. நடுவில் வைத்த ஸ்ட்ரிப் மாறவில்லை. துணியைத் திணித்து அடைத்திருந்ததால் நீராவி உள்ளே போகவில்லை என்பது எங்கள் கணிப்பு. இயந்திரக் கோளாறும் இருக்கலாம் என்பதால் அன்றே நிறுத்திவிட்டோம்.

காரணம்: ஸ்ட்ரிப்புக்குக் குறைந்தபட்ச இருப்பு அளவு வைக்கவில்லை, யார் கண்ணில் பட்டதோ அவர் இண்டென்ட் போடுவதுதான் வழக்கம். மாலை ஷிஃப்டில் ஊசி, டிரெஸ்ஸிங், பேக்கிங் மூன்றையும் ஒரே சிஸ்டர் பார்க்கிறார். அவருக்கு மெமோ கொடுத்தால் பதிவேடு இன்னும் அழகாக நிரம்பும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை: பயோமெடிக்கல் பொறியாளரின் சோதனை மார்ச் 16க்குள். அதன் பிறகு ஸ்போர் சோதனை முடிவு சரியென வரும்வரை டிஸ்போசபிள் செட் மட்டும். பிப்ரவரி 9க்குப் பின் தையல், டிரெஸ்ஸிங் செய்த நோயாளிகளின் பட்டியலை மார்ச் 18க்குள் மருத்துவர் பார்த்து, காயம் பற்றிப் போனில் விசாரிக்க வேண்டும். இதற்குக் குழுவின் ஒப்புதல் தேவை. மாலை ஷிஃப்டுக்கு இன்னொருவர், ஏப்ரல் 1 முதல்.

கை சுத்தம்: கவனித்த 40 தருணங்களில் 23 மட்டுமே சரி. ஊசி அறையில் ஹேண்ட் ரப் பாட்டில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. கதவு நாள் முழுக்கத் திறந்தே இருப்பதால் பாட்டில் யார் கண்ணிலும் படாது. 12ஆம் தேதியே ஊசி டிராலியின் மேல் மாற்றினோம். கையுறையோடு கணினியைத் தொடும் பழக்கம்தான் மிச்சம். நர்சிங் பொறுப்பாளர் மார்ச் 25க்குள் செய்து காட்டிப் பயிற்சி தருவார், ஏப்ரல் 15 அன்று மறுபடி எண்ணுவோம்.

கூர்பொருள் டப்பா முக்கால் பங்கைத் தாண்டி, ஒரு சிரிஞ்ச் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருவர் ஊசிக்கு மூடி போட்டதையும் பார்த்தோம். கேட்டால், டப்பா அறையின் மறு கோடியில் இருக்கிறதாம். ஊசி மேசைக்கு ஒன்று வீதம் மார்ச் 17க்குள், பொறுப்பு ஸ்டோர். மஞ்சள் பை இரண்டு 48 மணி நேரத்துக்கு மேல் தங்கியிருந்தன; கழிவு எடுக்கும் நிறுவனத்துக்குக் கடிதம் மார்ச் 16.

திறந்த தேதி எழுதாத லிக்னோகெயின் குப்பி ஒன்றை அங்கேயே அப்புறப்படுத்தினோம். தரை துடைப்பு, ஹைப்போகுளோரைட் கலவை இரண்டிலும் குறையில்லை.