நிபந்தனை நிகழ்தகவும் பேயீஸ் தேற்றமும்: தேர்வுக்கான திருப்புதல் குறிப்பு

நிகழ்தகவுப் பாடத்தின் மூன்றாம் அலகுக்கு வகுப்பில் காட்டிய 46 ஸ்லைடுகளை இங்கே சுருக்கியிருக்கிறேன். ஸ்லைடு வரிசையை அப்படியே பின்பற்றவில்லை. முதல் ஆறு ஸ்லைடுகள் போன அலகின் மீள்பார்வை என்பதால் விட்டுவிட்டேன். பேயீஸ் தேற்றத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன், மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்: நான் இப்போது எந்தக் கூட்டத்துக்குள் நின்று எண்ணுகிறேன்? P(A|B) இல் கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதுதான் அந்தக் கூட்டம். இது பிடிபட்டுவிட்டால் இந்த அலகில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

1. நிபந்தனை நிகழ்தகவு (ஸ்லைடு 7–13)

வரையறை: B நடந்துவிட்டது என்று தெரிந்த நிலையில் A நடப்பதற்கான நிகழ்தகவு.

P(A|B) = P(A∩B) / P(B), இங்கே P(B) > 0

P(B) > 0 என்பதை எழுதாமல் விட்டால் வரையறை முழுமையாகாது. இரண்டு மதிப்பெண் கேள்வியில் அரை மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

சூத்திரத்தின் பொருள் இதுதான். B நடந்துவிட்டது என்று தெரிந்ததும் பழைய கூறுவெளி S நமக்குத் தேவையில்லை, இனி B தான் கூறுவெளி. A இன் எந்தப் பகுதி B க்குள் இருக்கிறதோ அது மட்டும் கணக்கில் வரும். அதனால்தான் மேலே A∩B, கீழே B.

கணக்கு 1. இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன. முதல் பகடையில் இரட்டை எண் விழுந்தது என்று தெரிந்தால், கூட்டுத்தொகை 8 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

B: முதல் பகடையில் இரட்டை எண். 3 × 6 = 18 வாய்ப்புகள்.
A∩B: (2,6), (4,4), (6,2). மூன்று வாய்ப்புகள்.
P(A|B) = 3/18 = 1/6.

நிபந்தனை இல்லாமல் P(A) = 5/36. அதாவது B பற்றிய தகவல் A இன் நிகழ்தகவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறது. இந்த 5/36 ஐ நினைவில் வையுங்கள், மூன்றாம் பகுதியில் மறுபடி வரும்.

P(A|B) யும் P(B|A) யும் ஒன்றல்ல. இதே கணக்கில் P(B|A) = 3/5. எண்ணிக்கை அதே மூன்றுதான், ஆனால் நாம் நிற்கும் கூட்டம் மாறிவிட்டது.

2. பெருக்கல் தேற்றம் (ஸ்லைடு 14–17)

P(A∩B) = P(B) · P(A|B) = P(A) · P(B|A)

மேலே உள்ள வரையறையை மாற்றி எழுதியதுதான். திரும்ப வைக்காமல் எடுக்கும் கணக்குகளில் பயன்படும். ஒரு பையில் 5 சிவப்பு, 3 வெள்ளைப் பந்துகள் இருக்கின்றன. அடுத்தடுத்து இரண்டை எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க: (5/8)(4/7) = 5/14. திரும்ப வைத்து எடுத்தால் (5/8)(5/8) = 25/64. கேள்வியில் எது சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

3. சார்பிலா நிகழ்ச்சிகள் (ஸ்லைடு 18–24)

வரையறை: P(A∩B) = P(A) · P(B) என்றால் A யும் B யும் சார்பிலா நிகழ்ச்சிகள். P(B) > 0 எனில் இது P(A|B) = P(A) என்பதற்குச் சமம். B தெரிந்ததால் A பற்றிய நம் கணிப்பில் எந்த மாற்றமும் இல்லை.

பகடைக் கணக்குக்கே திரும்புவோம். கூட்டுத்தொகை 8 என்பதற்கு 5/36 மாறி 1/6 ஆனது, எனவே சார்பிலா நிகழ்ச்சிகள் அல்ல. இப்போது 8 க்குப் பதில் 7 என்று வையுங்கள். P(கூட்டுத்தொகை 7) = 6/36 = 1/6. முதல் பகடை இரட்டை என்று தெரிந்தால்: (2,5), (4,3), (6,1), ஆக 3/18 = 1/6. மாறவே இல்லை, இவை சார்பிலா நிகழ்ச்சிகள். ஒரே சோதனை, ஒரே B, எண் மட்டும் ஒன்று குறைந்தது, விடை மாறிவிட்டது. பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது, பெருக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதிகம் குழப்புவது இது: ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் வேறு வேறு. விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு P(A∩B) = 0. இரண்டின் நிகழ்தகவும் பூச்சியத்தைவிடப் பெரிது என்றால் P(A)·P(B) பூச்சியமாகாது. ஆகவே அவை சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்கவே முடியாது. காரணமும் தெளிவு: A நடந்தது என்று தெரிந்தாலே B நடக்கவில்லை என்பது உறுதி. இதைவிடப் பெரிய சார்பு வேறென்ன?

மூன்று நிகழ்ச்சிகள் என்றால் இரண்டிரண்டாகச் சரிபார்ப்பது போதாது. இரண்டு நாணயங்கள் சுண்டப்படுகின்றன. A: முதலாவது தலை. B: இரண்டாவது தலை. C: இரண்டும் ஒரே முகம். மூன்றின் நிகழ்தகவும் 1/2. எந்த இரண்டை எடுத்தாலும் வெட்டின் நிகழ்தகவு 1/4, அதாவது இரண்டிரண்டாகச் சார்பிலாதவை. ஆனால் P(A∩B∩C) = 1/4, பெருக்கினால் 1/8. எனவே மூன்றும் சேர்ந்து சார்பிலாதவை அல்ல.

4. முழு நிகழ்தகவுத் தேற்றம் (ஸ்லைடு 25–29)

E₁, E₂, …, Eₙ ஆகியவை ஒன்றையொன்று விலக்குபவை, சேர்ந்து S ஐ முழுவதும் நிரப்புபவை, ஒவ்வொன்றின் நிகழ்தகவும் பூச்சியத்தைவிடப் பெரிது என்றால்:

P(A) = P(E₁)P(A|E₁) + P(E₂)P(A|E₂) + … + P(Eₙ)P(A|Eₙ)

நிரூபணத்தில் ஒரே யோசனைதான்: A ஐ A∩E₁, A∩E₂ என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெருக்கல் தேற்றம். எழுதும்போது மேலே சொன்ன நிபந்தனைகளைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

5. பேயீஸ் தேற்றம் (ஸ்லைடு 30–44)

P(Eᵢ|A) = P(Eᵢ)P(A|Eᵢ) / [P(E₁)P(A|E₁) + … + P(Eₙ)P(A|Eₙ)], இங்கே P(A) > 0

P(Eᵢ) என்பது முன் நிகழ்தகவு, சான்று கிடைப்பதற்கு முன் நமக்குத் தெரிந்தது. P(Eᵢ|A) என்பது பின் நிகழ்தகவு, A என்ற சான்றைப் பார்த்த பிறகு திருத்திக்கொண்டது. தாமஸ் பேயீஸ் 1761 இல் இறந்தார். அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763 இல் வெளிவரச் செய்தார். லாப்லாஸ் 1774 இல் தனியாகவே இதே கருத்துக்கு வந்தார்.

கணக்கு 2. ஓர் ஆலையில் M₁, M₂, M₃ என்ற எந்திரங்கள் முறையே 50%, 30%, 20% பொருள்களைச் செய்கின்றன. அவற்றில் பழுதானவை முறையே 2%, 3%, 5%. எடுத்த பொருள் பழுது. அது M₃ இல் செய்யப்பட்டிருக்க நிகழ்தகவு?

0.50 × 0.02 = 0.010
0.30 × 0.03 = 0.009
0.20 × 0.05 = 0.010
P(D) = 0.029
P(M₃|D) = 0.010/0.029 = 10/29 ≈ 0.345

P(M₁|D) யும் 10/29 தான். மிகக் குறைந்த பழுது விகிதம் உள்ள எந்திரமும் மிக மோசமான எந்திரமும் சமமாக வருகின்றன, ஏனென்றால் M₁ செய்யும் பொருள்கள் அதிகம். முன் நிகழ்தகவின் கனம் இங்கே தெரியும். சரிபார்க்க: 10/29 + 9/29 + 10/29 = 1.

கணக்கு 3. ஒரு நோய் 1% பேருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90% பேருக்குச் சோதனை நேர்மறையாக வரும், இல்லாதவர்களிலும் 5% பேருக்குத் தவறாக நேர்மறை வரும். ஒருவருக்கு நேர்மறை வந்தால் நோய் இருக்க நிகழ்தகவு?

சூத்திரத்துக்கு முன் 10,000 பேரை வைத்து எண்ணிப் பாருங்கள். நோய் உள்ளவர்கள் 100, அவர்களில் நேர்மறை 90. நோய் இல்லாதவர்கள் 9,900, அவர்களில் நேர்மறை 495. நேர்மறை வந்தவர்கள் மொத்தம் 585. நாம் நிற்க வேண்டிய கூட்டம் இந்த 585 தான். 90/585 = 2/13 ≈ 0.154.

90% என்று எதிர்பார்த்தவர்களுக்கு 15% தான் கிடைக்கிறது. சோதனை மோசம் என்று பொருளல்ல. நோய் அரிது என்பதால் ஆரோக்கியமானவர்களில் 5% என்பதே பெரிய கூட்டமாகிவிடுகிறது. இந்த விளக்கத்தை விடையின் கீழே இரண்டு வரியாவது எழுதுங்கள்.

அதே நபருக்கு, முதல் முடிவைச் சாராமல், இரண்டாவது சோதனையும் நேர்மறை என்றால்? பழைய பின் நிகழ்தகவே இப்போது முன் நிகழ்தகவு:

(2/13 × 0.9) / (2/13 × 0.9 + 11/13 × 0.05) = 1.8/2.35 = 36/47 ≈ 0.766

1% இலிருந்து 15%, அங்கிருந்து 77%.

கோட்டின் இரு பக்கத்தையும் மாற்றிப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கைப் பாருங்கள். ஸ்லைடு 43 இல் இது ஒரே வரியில் இருக்கிறது, ஆனால் படித்தாக வேண்டிய வரி. அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் இறந்ததற்காக 1999 இல் தண்டிக்கப்பட்டார். ஒரு குழந்தை திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543 இல் 1 என்று எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, ஏறத்தாழ 7.3 கோடியில் 1 என்று மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். பிழை இரண்டு. ஒரே குடும்பத்தின் இரு மரணங்களைச் சார்பிலாதவை என்று எடுத்துப் பெருக்கியது ஒன்று. P(இறப்பு | குற்றமற்றவர்) மிகச் சிறிது என்பதை P(குற்றமற்றவர் | இறப்பு) மிகச் சிறிது என்று புரிந்துகொள்ள இடம் தந்தது இன்னொன்று. ராயல் புள்ளியியல் சங்கம் 2001 இல் இந்தப் புள்ளிவிவரப் பயன்பாட்டைக் கண்டித்தது. 2003 இல் தீர்ப்பு ரத்தானது. வெளியிடப்படாத மருத்துவச் சோதனை முடிவுகள் அதற்கு முக்கியக் காரணம்.

வரக்கூடிய கேள்விகள்

2 மதிப்பெண்
1. நிபந்தனை நிகழ்தகவை வரையறு. (P(B) > 0)
2. P(A) = 0.4, P(B) = 0.5, P(A∪B) = 0.7 எனில் A, B சார்பிலாதவையா? (P(A∩B) = 0.2 = 0.4 × 0.5, ஆம்.)
3. முன், பின் நிகழ்தகவு: வேறுபடுத்து.

5 மதிப்பெண்
4. A, B சார்பிலாதவை எனில் A, B′ உம் சார்பிலாதவை என நிறுவுக. (P(A∩B′) = P(A) − P(A∩B) என்று தொடங்கினால் நான்கு வரியில் முடியும்.)
5. இரண்டிரண்டாகச் சார்பிலாத மூன்று நிகழ்ச்சிகள் சேர்ந்தும் சார்பிலாதவையா? எடுத்துக்காட்டுடன் விளக்கு. (நாணயக் கணக்கு போதும். நான்கு வாய்ப்புகளையும் எழுதிக் காட்டுங்கள்.)

10 மதிப்பெண்
6. முழு நிகழ்தகவுத் தேற்றத்தைக் கூறி நிறுவுக. அதிலிருந்து பேயீஸ் தேற்றத்தைத் தருவி. இது வரும் என்றே எடுத்துக்கொண்டு தயாராகுங்கள்.
7. மூன்று பெட்டிகள்: முதலாவதில் 2 தங்கக் காசுகள், இரண்டாவதில் 2 வெள்ளிக் காசுகள், மூன்றாவதில் ஒன்று தங்கம் ஒன்று வெள்ளி. சமவாய்ப்பாக ஒரு பெட்டியும் அதிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படுகின்றன. காசு தங்கம் எனில் பெட்டியில் மிஞ்சியதும் தங்கமாக இருக்க நிகழ்தகவு? (2/3. பாதி என்று எழுதத் தோன்றும். பெட்டிகளை எண்ணாமல் தங்கக் காசுகளை எண்ணுங்கள்: மூன்று இருக்கின்றன, அவற்றில் இரண்டு முதல் பெட்டியில்.)