கொத்துக் கடை, காலி வீதி, இரவு 9.40: தம்பியின் படத்தைப் பார்த்த பிறகு

தம்பி,

நீங்கள் அனுப்பிய வெள்ளவத்தைப் படத்தை நேற்றிரவு கொம்பியூட்டரில் பெரிதாக்கி ஒரு மணித்தியாலம் பார்த்தேன். கமரா பதிந்தபடியே இருக்கும் ரா கோப்பையும் நீங்கள் திருத்திய ஜேபெக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது நல்ல படம். மழை விட்ட நேரம், நனைந்த நடைபாதை, கண்ணாடிக்குப் பின்னால் கொத்துப் போடுகிறவர், அவரையே வாய் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளை, பின்னால் ஒரு 100 ஆம் இலக்க பஸ். அந்தப் பிள்ளையின் முகத்துக்காகவே இந்தப் படத்தை விடாமல் சரிப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கமரா எழுதி வைத்திருக்கும் விவரம் இது: 50 மி.மீ. லென்ஸ், f/4, 1/15 செக்கன், ISO 3200, கையில் பிடித்து எடுத்தது. இந்த வரிக்குள்ளேயே படத்தின் பாதிப் பிரச்சினை இருக்கிறது.

ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். மங்கல் மூன்று வகை. ஃபோகஸ் தவறினால் தூரத்து விளக்குகள் உருண்டை வட்டங்களாக விரியும். ஆள் அசைந்தால் ஆள் மட்டும் கலங்கும், சுவர் கூர்மையாக நிற்கும். கமரா அசைந்தால் படத்தில் இருக்கிற எல்லா விளக்குப் புள்ளியும் ஒரே வடிவத்தில், ஒரே திசையில் இழுபடும். உங்கள் படத்தில் பார்மசியின் பச்சைச் சிலுவைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு இருக்கிறதல்லவா? அதை 200 வீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கீழே இறங்கி இடப்பக்கம் வளைந்த ஒரு கொக்கி தெரியும். அப்புறம் பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு மேலே உள்ள விளக்கைப் பாருங்கள், அங்கேயும் அதே கொக்கி. கடை வாசலில் தொங்கும் பல்பிலும் அதுதான். ஆகவே இது உங்கள் விரல் ஷட்டரை அழுத்தியபோது கமரா கீழே போன ஆட்டம். லென்ஸையோ ஃபோகஸையோ குறை சொல்ல முடியாது.

உங்கள் கமராவின் சென்சர் சிறியது. 50 மி.மீ. லென்ஸ் அதில் ஏறத்தாழ 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். கையில் பிடித்தால் 1/80 செக்கனாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. 1/15 அதற்கு எட்டாது. லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்திருந்தாலும் உங்கள் கை ஆட்டம்தான் குறைந்திருக்கும். பிள்ளை தலையைத் திருப்பினால் அந்த வசதியால் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் எனக்கு மனம் நோவது ஒன்றுதான். கொத்துத் தகடு இரண்டும் கலங்கித் தெரிய வேண்டும், அதுதான் அந்தப் படத்தின் உயிர். பார்க்கிறவனுக்கு 'டக் டக்' என்ற சத்தம் காதில் விழ வேண்டும். ஆனால் கடைப்பலகையும் கல்லும் மனிதரும் சேர்ந்து கலங்கியிருப்பதால் தகட்டின் வேகம் தனித்துத் தெரியவில்லை. மற்றதெல்லாம் அசையாமல் நின்றால்தான் அசைகிறது அசைவதாகத் தெரியும்.

சரி, வெளிச்சம் வெந்துபோன இடங்களுக்கு வருகிறேன். விளக்கின் குமிழ் வெள்ளையாகப் போனால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். பல்பைக் கண்ணால் பார்த்தாலும் வெள்ளைதான். கடையின் பெயர்ப்பலகை அப்படியல்ல. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, உள்ளே விளக்கு எரியும் பலகை. எழுத்தும் பின்னணியும் ஒன்றோடொன்று உருகி, பெயரே வாசிக்க முடியவில்லை. நீங்கள் கமராவின் ஹிஸ்டோகிராமைப் பார்த்திருப்பீர்கள், அது வலப்பக்கச் சுவரில் பெரிதாக முட்டியிருக்காது. நீங்கள் ஏமாந்த இடம் இதுதான். பல கமராக்களில் முதலில் தெரியும் அந்த வெள்ளை வரைபடம் மூன்று நிறத்தையும் கலந்து காட்டும் கணக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் திறந்தால் சிவப்பு மட்டும் 255 என்ற உச்ச அளவில் மோதி நிற்பது தெரியும். செம்மஞ்சள் தெருவிளக்கும் சிவப்புப் பலகையும் இருக்கிற இடத்தில் முதலில் நிரம்புவது எப்போதும் சிவப்புதான். அடுத்த தடவை அந்த மூன்று நிற வரைபடத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திருத்தும்போது மிக வெளிச்சமான இடங்களை அடக்கும் ஹைலைட்டை முழுக்க இறக்கியிருக்கிறீர்கள். சிவப்பு மட்டும் நிரம்பிய பின்னணியில் அது கொஞ்சம் உதவியிருக்கிறது. எழுத்தின் நடுப்பகுதியில் மூன்று நிறமுமே நிரம்பிவிட்டன, அங்கே மீட்க ஒன்றும் மிச்சமில்லை. அதனால் வெள்ளை எழுத்தில் சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. அதை விட வெள்ளையாகவே விட்டிருக்கலாம்.

மேலே இடது மூலையில், கறுப்பு வானத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மிதக்கின்றன, கவனித்தீர்களா? படத்தின் நடுவைக் குறித்து, அந்தப் புள்ளிகளிலிருந்து நடுவின் ஊடாகக் கோடு இழுத்தால் வலது கீழ்ப்பக்கத்து ஓட்டோவின் இரண்டு ஹெட்லைட்டில் போய் முடியும். லென்ஸுக்கு முன்னால் போட்டிருக்கும் ஃபில்டரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அது. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றுக்காகப் போட்டிருப்பீர்கள், விளங்குகிறது. இரவில் விளக்கைப் பார்த்து எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

இனி நொய்ஸும் நிறமும். இந்த இரண்டையும் நான் பிரித்துப் பேசப் போவதில்லை. உங்கள் படத்தில் ஒன்றைக் கெடுத்தது மற்றதுதான்.

இரவில் சென்சருக்கு வந்து சேரும் வெளிச்சம் குறைவு. குறைந்த வெளிச்சம் சீராக வராது, புள்ளிக்குப் புள்ளி ஏற்ற இறக்கமாக வரும். அந்த ஏற்ற இறக்கந்தான் பொரி போலத் தெரிகிற நொய்ஸ். ISO-வைக் கூட்டினால் வெளிச்சம் கூடாது, வந்த கொஞ்சம் பெரிதாகக் காட்டப்படும், அவ்வளவே. ISO 3200-ல் உங்கள் கமரா தரும் பொரி எனக்குக் கொஞ்சமும் இடைஞ்சலாக இல்லை. 6000-க்கு 4000 புள்ளி உள்ள படத்தை A4 தாளில் அச்சடித்தால் பாதிக்கு மேல் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் நீங்கள் நிழலை இரண்டு ஸ்டொப், அதாவது நான்கு மடங்கு, உயர்த்தியிருக்கிறீர்கள், ஓட்டோவுக்குக் கீழே இருக்கும் இருட்டுக்குள்ளும் ஏதோ தெரிய வேண்டும் என்று. அங்கே ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறப் பொரி எழும்பியிருக்கிறது. பிறகு அதை மறைக்க நொய்ஸ் நீக்கியை 70-க்கு ஏற்றியிருக்கிறீர்கள். விளைவு? கொத்துப் போடுகிறவரின் கை மெழுகுப் பொம்மையின் கை போல ஆகிவிட்டது. ரா கோப்பில் அவர் முன்கையில் வியர்வை மினுங்குகிறது, கல்லிலிருந்து எழும்பும் ஆவி இழை இழையாகத் தெரிகிறது. திருத்திய படத்தில் இரண்டும் இல்லை. அந்த ஆவியை இழந்து ஓட்டோவின் அடியைக் காட்டி என்ன பயன்?

நிறப் பொரி இவ்வளவு கூடியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நடைபாதைக்கு மேலே எரிவது சோடியம் விளக்கு. அதன் வெளிச்சம் ஏறத்தாழ 2000 கெல்வின். அதில் சிவப்பும் மஞ்சளும் தாராளம், நீலம் மிகக் குறைவு. நீங்கள் நடைபாதையைச் சாம்பல் நிறமாக்க வேண்டும் என்று, எது வெள்ளை என்று தீர்மானிக்கும் வைட் பாலன்ஸை 2300-க்கு இழுத்தீர்கள். அப்படி இழுப்பது நீலத்தைப் பல மடங்கு பெருக்குவது. இல்லாத நீலத்தைப் பெருக்கினால் வருவது நீலப் பொரிதான். அதோடு கடைக்குள்ளே எரியும் வெள்ளை எல்ஈடி ஏறக்குறைய 4000 அல்லது 5000 கெல்வினில் இருந்திருக்கும். தெரு சாம்பலானபோது கடை முழுவதும் நீலத்துக்குப் போய்விட்டது. கொத்துப் போடுகிறவரின் மாநிறம் காய்ச்சல்காரரின் முகம் போல வெளிறியது அதனால்தான். பிள்ளையின் நீலச் சட்டை சோடியம் வெளிச்சத்தில் கறுப்பாக விழுந்ததையும் எந்த ஸ்லைடரும் திருப்பித் தராது. அந்த நீலம் வெளிச்சத்திலேயே இல்லை.

என் அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொல்கிறேன்: செம்மஞ்சளைத் துடைக்காதீர்கள். நீங்கள் அந்த இரவைப் பகலாக்கப் பார்த்தீர்கள். ஈர நடைபாதையில் செம்மஞ்சளும் கடை வாசலில் வெள்ளையும் சந்திக்கிற கோடு இருக்கிறதே, பிள்ளை நிற்பது சரியாக அந்தக் கோட்டில். ஒரு கன்னம் தெருவின் நிறம், மறு கன்னம் கடையின் நிறம். அதைவிட அழகு இந்தப் படத்தில் வேறில்லை. வைட் பாலன்ஸைக் கடைக்குள் இருக்கும் முகத்துக்கு வையுங்கள், 3800 அளவில் தொடங்கிப் பாருங்கள். தெரு தானாக மஞ்சளுக்குப் போகும், போகட்டும். மிகவும் முறுகித் தெரிந்தால் செம்மஞ்சளின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். கடையின் பின்பக்கச் சுவரில் பழைய டியூப்லைட் ஒன்றின் பச்சைச் சாயல் இருக்கிறது. அந்தச் சுவரை மட்டும் மாஸ்க் போட்டுத் தேர்ந்து மஜெண்டா பக்கம் சிறிது தள்ளினால் போதும்.

மறுபடி எடுக்கப் போவதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: f/2, 1/100 செக்கன், ISO 3200. f/4-லிருந்து f/2-க்குத் திறந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் வரும், அதை வைத்து ஷட்டரை 1/60-க்குக் கொண்டு போகலாம். 1/100 என்றால் உங்கள் படத்தை விட மூன்றில் இரண்டு ஸ்டொப் இருட்டு, பலகைக்கு அது நல்லது. இன்னொரு நன்மையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 1/100 ஒரு முழுத் துடிப்பைப் பிடித்துவிடும், அதனால் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறாது. தகட்டின் கலக்கம் நன்றாகக் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. நான்கு மீட்டர் தூரத்தில் f/2-ல் கூர்மை சுமார் அரை மீட்டர் ஆழந்தான், ஆகவே இருவரில் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டி வரும். நானென்றால் பிள்ளையின் கண்ணில் ஃபோகஸ் வைப்பேன். எதிரே இருக்கும் மின்கம்பத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு, தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுங்கள். முதல் படத்தில் விரல் ஆட்டம் இருக்கும், இரண்டாவதோ மூன்றாவதோ கூர்மையாக வரும்.

இந்தப் பிள்ளை மறுபடி அங்கே நிற்காதே என்று நினைப்பீர்கள். எனக்கும் அதுதான் கவலை. அதனால் இந்தக் கோப்பையும் எறிந்துவிட வேண்டாம். நிழலை இருந்த இடத்துக்கே இறக்கி, வானத்தைக் கறுப்பாக விட்டு, நொய்ஸ் நீக்கியில் நிறப் பொரிக்கு மட்டும் 25 கொடுத்து, வெளிச்சப் பொரியைத் தொடாமல் ஒரு தடவை திருத்துங்கள். கொக்கி ஆட்டம் முழுதாகப் போகாது, ஆனால் தாள் அளவு சிறிதென்றால் பிள்ளையின் முகம் தாங்கும். ஆறுக்கு நாலு அங்குலத்தில் ஒன்று அச்சடித்து, ரா கோப்போடு சனிக்கிழமை பின்னேரம் எடுத்து வாருங்கள். அந்த இரண்டு கன்னத்தையும் தாளில் பார்க்க ஆசையாக இருக்கிறது.