மாத்தூர் தொட்டிப் பாலம்: தொடக்கநிலை வாசிப்புப் பாடம்

வகுப்பு எடுப்பவருக்கு:

மூலப் பாடத்தின் முதல் பத்தி இப்படி இருந்தது:

"விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் நிலவிய வறட்சியைப் போக்கும் நோக்கில், பட்டணங்கால் வாய்க்கால் நீரைக் கொண்டுசெல்வதற்காக, பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே இரு குன்றுகளை இணைத்து 28 தூண்களின் மீது எழுப்பப்பட்டுள்ள மாத்தூர் தொட்டிப் பாலம் 1966ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது."

தகவலில் பிழை இல்லை. ஆனால் போன மாதம்தான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய அக்காமார், 'கொண்டுசெல்வதற்காக' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகிறது. அதனால் ஒரு வரிக்கு ஒரு செய்தி என்று பிரித்திருக்கிறேன். குழந்தைக் கதையாக மாற்றவில்லை. மரச்சீனி நட்டு, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய கைகள் இவை. தண்ணீரைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது.

பாடம்

1

இது மாத்தூர்.
திருவட்டாறு பக்கத்தில் இருக்கிறது.
இங்கே ஒரு பெரிய பாலம் உண்டு.
இதன் பெயர் தொட்டிப் பாலம்.

ஆச்சியும் பேரனும் பாலத்துக்கு வந்தார்கள்.
பேரன் கீழே பார்த்தான்.
கீழே பறளி ஆறு ஓடுகிறது.
பேரன் பாலத்தைப் பார்த்தான்.
பாலத்திலும் தண்ணீர் ஓடுகிறது!

"ஆச்சி, கீழே ஓடுவது ஆறு. மேலே ஓடுவது என்ன?"
"மேலே ஓடுவது வாய்க்கால், மக்களே."

2

பேரனுக்குப் புரியவில்லை.
"வாய்க்கால் தரையில்தானே ஓடும்?"

ஆச்சி கையை நீட்டினாள்.
"இங்கே ஒரு குன்று.
அங்கே ஒரு குன்று.
நடுவில் பள்ளம்.
பள்ளத்தில் ஆறு.

வாய்க்கால் இந்தக் குன்றுக்கு வருகிறது.
அது அந்தக் குன்றுக்குப் போக வேண்டும்.
பள்ளத்தில் இறங்கினால் என்ன ஆகும்?"

"தண்ணீர் ஆற்றில் சேரும்."
"ஆமாம். அப்புறம் அந்தக் குன்றில் ஏறுமா?"
"ஏறாது."

"அதனால் தூண் கட்டினார்கள்.
தூண் மேல் தொட்டி கட்டினார்கள்.
மொத்தம் 28 தூண்.
தொட்டியின் மறுமுனை கொஞ்சம் தாழ்வு.
தண்ணீர் தானாக ஓடும்.
மோட்டார் வேண்டாம்."

(இந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பாளையோ தகரமோ எடுத்து, இரண்டு செங்கல் மேல் லேசாகச் சரித்து வைத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். பிறகு 'தாழ்வு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் போதும், தனியாக விளக்கம் வேண்டாம்.)

3

"ஆச்சி, இதை எப்போது கட்டினார்கள்?"
"1966இல் கட்டி முடித்தார்கள். அப்போது எனக்குப் 10 வயது."

"ஏன் கட்டினார்கள்?"
"அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை.
வயல் காய்ந்தது.
வாழை வாடியது.
பாலம் வந்தது.
தண்ணீர் வந்தது.
வாழை தழைத்தது."

"யார் கொண்டு வந்த திட்டம்?"
"காமராசர் காலத்துத் திட்டம்."

பாலத்தின் ஓரம் நடக்க வழி உண்டு.
இருவரும் நடந்தார்கள்.
பக்கத்தில் தண்ணீர் ஓடியது.
ஓரத்தில் ஒரு பலகை இருந்தது.
ஆச்சி பலகை முன் நின்றாள்.
மெதுவாக வாசித்தாள்.
"மாத்… தூர். தொட்… டிப் பாலம்."
"ஆச்சி, உனக்கு வாசிக்கத் தெரியுமா?"
"இப்போது தெரியும், மக்களே."

வாசித்த பிறகு

'ஓடுகிறது' என்று அச்சில் இருப்பதை யாராவது 'ஓடுது' என்று வாசித்தால் திருத்த வேண்டாம். பொருள் பிடிபட்டதால்தான் பேச்சு வழக்கு வாயில் வருகிறது. 'காமராஜர்' என்று எழுதாமல் 'காமராசர்' என்று எழுதியதும் வேண்டுமென்றுதான். 'ஜ' எழுத்து அடுத்த மாதப் பாடத்தில் வருகிறது. 'ற', 'ள' இரண்டும் 'பறளி'யில் சேர்ந்து வருவதால் அந்தச் சொல்லை மட்டும் எல்லோரும் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

பேசுவோம்:
பள்ளத்தில் எந்த ஆறு ஓடுகிறது?
தொட்டிப் பாலத்தில் மோட்டார் ஏன் வேண்டாம்?
உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? (இதற்கு நேரம் கொடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பேசட்டும்.)

எழுதுவோம்:
உங்கள் ஊர் வாய்க்காலின் பெயர், ஆற்றின் பெயர், குளத்தின் பெயர். எழுத்துத் தவறு வந்தாலும் பரவாயில்லை.