"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்": மணலி யார்டு மேலாளர் நேர்காணலுக்கு என் பதில்

வணக்கம் சார், வணக்கம் மேடம். நான் கன்டெய்னர் யார்டு ஆள். ஒரு பெட்டியை லாரியில் ஏற்ற வேறு எத்தனை பெட்டிகளை நகர்த்த வேண்டியிருக்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் என் கவனம் முழுக்க. சொந்த ஊர் தண்டையார்பேட்டை. 2001-இல் சரக்கை எண்ணிக் குறிக்கும் டேலி கிளர்க்காகச் சேர்ந்தேன். அப்புறம் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி வேலை பார்த்தேன். எந்தச் சரக்கு சீக்கிரம் வெளியேறும், எது இழுக்கும் என்று காகிதத்தைப் பார்த்தே கணிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். 2014 முதல் திருவொற்றியூர்ப் பக்கம் சிஎஃப்எஸ் எனும் கன்டெய்னர் சரக்கு நிலையம் ஒன்றில் யார்டு சூப்பர்வைசர். வந்த வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்த பெட்டிகளை, வெளியே போகும் வரிசையில் அடுக்க வைத்தேன். லாரிகள் காத்திருப்பது குறைந்தது, பெட்டி தூக்கும் ரீச் ஸ்டாக்கருக்கு டீசலும் மிச்சமானது. காகிதம், கேட், யார்டு மூன்றையும் ஒரே கையில் பார்க்கும் பொறுப்பு எனக்கு வேண்டும். உங்கள் மேலாளர் வேலையில் அது இருப்பதால் விண்ணப்பித்தேன்.

(ஒரு நிமிடம் இங்கே முடிகிறது. மீதிக் கதை, கேட்டால் மட்டும்.)

அடுக்கும் முறையை எப்படி மாற்றினீர்கள்?

நான்கு உயரம் அடுக்கியதில் அடிப்பெட்டி வேண்டுமென்றால் மேலே இருக்கும் மூன்றையும் இறக்க வேண்டும். ரீச் ஸ்டாக்கர் முன்பக்கமிருந்துதான் எடுக்கும், அதனால் பின்வரிசைப் பெட்டி என்றால் இன்னும் சிரமம். தினமும் சாயங்காலம் ஏஜென்டுகளைக் கூப்பிட்டு, டியூட்டி கட்டி கஸ்டம்ஸ் அனுமதி வாங்கிய பெட்டிகளின் பட்டியலை எடுப்பேன். அவை முன்வரிசைக்கு, மேலே வரும். பரிசோதனைக்கு நிற்பவை, சாம்பிள் லேபுக்குப் போன உணவுப் பொருட்கள் எல்லாம் பின்னால். இடம் மாற்றும் வேலை இரவு ஷிஃப்டில், கேட்டில் நெரிசல் இல்லாத நேரத்தில் நடக்கும். முதலில் ஆபரேட்டர்கள் இதை இரட்டை வேலை என்றார்கள். பகலில் லாரி டிரைவர்களோடு சண்டை குறைந்ததும் அவர்களே பட்டியலைக் கேட்டு வாங்கினார்கள். குளிரூட்டும் ரீஃபர் பெட்டிகள் மட்டும் இந்தக் கணக்கில் வராது, கரன்ட் பாயின்ட் இருக்கும் இடத்தில்தான் நிற்கும்.

சந்தித்த பெரிய நெருக்கடி?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். காற்றில் முதலில் விழுவது காலிப் பெட்டிதான், எடை இல்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இருந்த ஆட்களை வைத்தே காலி அடுக்குகளின் உயரத்தைக் குறைத்து, இடைவெளி விடாமல் நெருக்கி வைத்தோம். ஒருவருக்கும் காயமில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

2013-இல் இடைவெளி தெரிகிறதே?

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்தேன்.

எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?

ஆமாம் சார். உங்கள் யார்டில் இறக்குமதிப் பெட்டி சராசரியாக எத்தனை நாள் நிற்கிறது? எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகள் தேங்கும்போது கேட்டில் யார் முடிவெடுக்கிறார்கள்?