ஹெல்மெட்டில் இருந்த பெயர்

முதல் நாள் டேவ் என் அடையாள அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, வாய் அசைத்துப் பார்த்தார். அட்டையில் THIRUGNANASA என்று இருந்தது. அந்த இயந்திரம் 12 எழுத்துக்கு மேல் அச்சடிக்காது. தமிழில் பத்தே எழுத்துள்ள என் பெயர் ஆங்கிலத்தில் 19 ஆகிவிடுகிறது. மீதி ஏழும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

"திரு... திருக்னா..." என்று இரண்டு முறை முயன்றார். பாவம், நல்ல மனதோடுதான் முயன்றார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளில் ஒன்றை எடுத்து என் தலையில் வைத்தார். அளவு சரியாக இருந்தது. அதன் முன்புறம் கறுப்பு மார்க்கரில் SAM என்று தடிமனாக எழுதியிருந்தது.

"பிரச்சினை தீர்ந்தது," என்றார். "நீ சாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எல்லாவற்றுக்கும் சிரிப்பவன் நான்.

எங்களுடையது பெரிய சரக்குக் கிடங்கு. லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்க 14 வாசல்கள். ஏழாம் வாசல் என் பொறுப்பு. சரக்கு அடுக்கி வருகிற பேலட் தட்டுகளை எண்ணி, ஸ்கேன் செய்து, எது எந்த வரிசைக்கு என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேச்செல்லாம் வாக்கிடாக்கியில்தான். அதில் பாதிச் சொல் இரைச்சலில் போய்விடும். "சாம், இருபது பேலட், குளிர் அறைக்கு." "சாம், லாரி ஒட்டியாச்சா?" ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணியதில்லை. ஆனால் முதல் மாதம் ஒவ்வொரு முறையும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அரை நொடி காத்திருந்தே பதில் சொன்னேன்.

அம்மாவுக்கு இது தெரிந்தது ஒரு சாப்பாட்டு இடைவேளையில். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மிக் பின்னாலிருந்து தோளில் தட்டி, "சாம், நேரமாச்சு" என்று போனான்.

"யாருப்பா சாம்?"

"நான்தாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நான்தான் சமாளித்தேன். "நீங்க மட்டும் முழுசாவா கூப்பிட்டீங்க?"

உண்மைதான். தாத்தா ஆசைப்பட்டு வைத்த பெயர். தேவாரம் பாடிய ஞானசம்பந்தர் மூன்று வயதிலேயே பாடினார் என்பார்கள். நான் மூன்று வயதில் பேசவே தொடங்கவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவார். அம்மாவுக்கு நான் சம்பந்தா. கூடப் படித்தவர்களுக்குத் திரு. தம்பிக்குக் கோபம் வந்தால் பந்தம். முழுப்பெயரும் வந்தது வருகைப் பதிவேட்டிலும் திட்டு விழும்போதும் மட்டும்தான். ஆக, என் பெயரை வெட்டியது புதிதல்ல. அப்படியிருந்தும் ஏன் உறுத்துகிறது என்று இரவில் படுக்கையில் யோசிப்பேன். வேலை முடித்துப் படுத்தால் யோசனை அதிக நேரம் ஓடாது. தூங்கிவிடுவேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் டேவிடம் கேட்டேவிட்டேன். "என்னைத் திரு என்று கூப்பிட முடியுமா? அதுவும் சின்னதுதான்."

"ஓ, தாராளமாக," என்றார். முகத்தில் ஒரு சின்ன வெட்கம். "சொல்லியிருக்கலாமே. அதற்கு என்ன அர்த்தம்?"

"மிஸ்டர்."

"மிஸ்டர் யார்?"

"அதுதான் மீதி ஏழு எழுத்து," என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை நகைச்சுவை என்னுடையது.

திரு நான்கு நாள் நீடித்தது. அவர்கள் வாயில் அது "த்ரூ" ஆனது. ஆங்கிலத்தில் த்ரூ என்றால் ஊடே போவது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். நான்காம் நாள் காலை, ஏழாம் வாசலில் ஒரு பேலட்டின் பிளாஸ்டிக் உறை அறுந்து பெட்டிகள் சரிந்து கிடந்தன. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். டேவ் வாக்கிடாக்கியில் என்னை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். "த்ரூ, த்ரூ." அடுக்கின் அந்தப் பக்கம் சரக்கோடு நின்ற மிக், வழி விட்டாச்சு, உள்ளே வரச் சொல்கிறார் என்று நினைத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். முன்னால் உயரமாகச் சரக்கு. அவன் கண்ணுக்கு நான் தெரியவில்லை. எனக்கோ காதில் எதுவும் விழவில்லை.

அப்போது டேவ் மேல்தளத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். "சாம்!"

என் உடம்பு பின்னால் குதித்தது. நான் குதிக்கவில்லை, உடம்புதான் குதித்தது. முள்கரண்டி போல நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்புக் கைகளும் நான் குனிந்திருந்த இடத்தில் வந்து நின்றன. ஒரு பெட்டி நசுங்கியது. உள்ளே இருந்தது ஷாம்பு. தரையெல்லாம் நுரை.

மிக் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. அன்று மதியமே வாக்கிடாக்கிப் பட்டியலில் திருவை அடித்துவிட்டு மறுபடி சாம் என்று எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என் காலுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

விபத்து தவறியதால் பாதுகாப்புச் சோதனை வந்தது. ஹெல்மெட்டுகளைக் கழற்றி உட்புறம் பார்க்கச் சொன்னார்கள். ஹெல்மெட்டின் உள்ளே கடிகாரம் போல ஒரு வட்டம் பதித்திருக்கும். நடுவில் ஆண்டு, ஓர் அம்புக்குறி தயாரித்த மாதத்தைக் காட்டும். எங்கள் இடத்தில் ஐந்து ஆண்டு ஆனால் மாற்றிவிட வேண்டும் என்று கணக்கு. என்னுடையதற்குக் காலம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆண்டைப் பார்க்க வியர்வைப் பட்டையை விலக்கியபோதுதான் அதைக் கண்டேன். நீலப் பேனாவில் ஏழு எழுத்துகள். எனக்குத் தெரியாத மொழி. ஒவ்வொன்றுக்கும் கால் முளைத்தது போல, ஒற்றைக் காலில் ஒன்று, இரண்டு காலில் ஒன்று என வரிசையாக நின்றன. வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. எழுதியவர் அழுத்தி எழுதியிருக்கிறார், விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது.

"எனக்கு முன்னால் இதை யார் போட்டிருந்தார்கள்?" என்று டேவிடம் கேட்டேன்.

"சாம்," என்றார். உடனே அவருக்கே சங்கடமாகிவிட்டது. "அதாவது, உனக்கு முந்தைய சாம். ஏழாம் வாசலில் இரண்டு வருடம் இருந்தான். நல்ல பையன். நிஜப் பெயர்..." கையை விரித்தார். "அவனுக்கு முன்னால் இருந்தவன்தான் உண்மையான சாம். ஹெல்மெட்டில் எழுதியதே அவன்தான்."

நான் அந்த எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

துப்புரவுப் பணி செய்யும் அல்மாஸ் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர். அவரை ஆல்மா என்று கூப்பிடுவார்கள். மாலையில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது படத்தைக் காட்டினேன். பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது அம்ஹாரிக். பெயர்தான்." ஒரு முறை சொன்னார். எனக்கு ஏதோ ரயில் போனது போல் இருந்தது. மெதுவாகச் சொல்லச் சொன்னேன். "கெப்ரெமெஸ்கெல்."

"அவரைத் தெரியுமா?"

"நான் வருவதற்கு முன்பே போய்விட்டார் போல." கொஞ்சம் யோசித்தார். "இங்கே இருப்பவர்கள் சுருக்கியிருந்தால் கெப்ரே என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். கெப்ரே என்றால் ஊழியன். யாருக்கு ஊழியன் என்பது பின்பாதியில் இருக்கிறது. மெஸ்கெல், சிலுவை. சிலுவையின் ஊழியன். முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் வெறும் ஊழியன்." சிரித்தார். "சாம் பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ."

குடும்பப் பெயர் பற்றியும் சொன்னார். அவர்களுக்கும் நம்மைப் போலத்தான், தன் பெயர், அடுத்து அப்பாவின் பெயர், அவ்வளவுதான். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு அவரும் என்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறார். சம்பளச் சீட்டில் இன்றுவரை அவருடைய அப்பா பெயரில்தான் சம்பளம் வருகிறதாம். என்னுடையதும் அப்படியே. இருவரும் எங்கள் அப்பாக்களுக்காக உழைக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தோம்.

மறுநாள் புதிய ஹெல்மெட்டுகள் வந்தன. மார்க்கர் கூடாது, ரசாயனம் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்று, பெயரை அச்சடிக்கச் சின்ன லேபிள் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். டேவ் ஒவ்வொருவராகக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது விரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். முதல் நாள் போல அல்ல, இந்த முறை நிஜமாகவே கேட்டார்.

"உனக்கு என்ன போடட்டும்?"

இரவே யோசித்து வைத்திருந்தேன். ஆனாலும் உடனே வாய் வரவில்லை. "நானே தட்டலாமா?"

இயந்திரத்தை நகர்த்தினார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். SAMBANDAM. ஒன்பதுதான், தாராளமாக இடம் இருந்தது. பட்டை சுருண்டு வெளியே வந்தது. டேவ் கண்ணாடியை இறக்கிப் படித்தார். முதல் மூன்று எழுத்தில் நின்றார். மறுபடி படித்தார்.

"சாம் இதற்குள்ளேயே இருக்கிறதே! இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே?"

"அட்டையில் SA வரைக்கும்தான் வந்தது."

வாக்கிடாக்கிக்குச் சாம் இருக்கட்டும் என்றேன். த்ரூ வேண்டவே வேண்டாம் என்று மிக் பின்னாலிருந்து கத்தினான். நேரில் பேசும்போது முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன் என்று டேவ் சொன்னார். அன்று மதியம் மூன்று முறை சொன்னார். ஒரு முறை சரியாக வந்தது.

பழைய ஹெல்மெட்டுகளை யாரும் மறுபடி போடாதபடி ரம்பத்தால் இரண்டாக அறுத்துத் தொட்டியில் போட்டார்கள். அறுப்பதற்கு முன் என்னுடையதிலிருந்து வியர்வைப் பட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அந்தப் பட்டையில் பெயர் இல்லை, பெயரை மூடியிருந்தது அவ்வளவுதான்.

மாலையில் அல்மாஸிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டினேன். வழி நெடுகப் பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

"கெப்ரெமெஸ்கெல்."

அவர் தலையை ஆட்டினார். பின்பாதியில் வருவது நம் 'க' இல்லையாம். தொண்டைக்குள் சொடக்குப் போடுவது போல ஓர் ஒலி. செய்து காட்டினார். நான் செய்தேன். இல்லை என்றார். இன்னொரு முறை. எனக்கு இருமல் வந்தது.

"விடுங்கள்," என்றார், "கஷ்டம்தான்."

"இல்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்," என்றேன்.