கொஞ்சமாகக் குடித்தால் பக்கவாதம் குறையுமா? மெண்டலிய சமவாய்ப்பாக்கம் சொல்லும் பதில்

அளவோடு குடிப்பவர்களுக்கு, அறவே குடிக்காதவர்களைவிடப் பக்கவாதம் குறைவு என்று பல ஆய்வுகள் வெகுகாலம் சொல்லிவந்தன. ஆனால் குடிக்காதவர்கள் யார்? உடம்பு கெட்டு, டாக்டர் சொல்லி நிறுத்தியவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். அளவோடு குடிப்பவருக்குக் கைநிறைய வருமானம் இருக்கலாம். எது காரணம் என்று பிரித்தறிய, குலுக்கல் போட்டுப் பாதிப்பேரைப் பல வருடம் குடிக்கச் சொல்லவா முடியும்?

அந்தக் குலுக்கலைக் கருத்தரிக்கும்போதே இயற்கை போட்டுவிடுகிறது. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இருக்கும் இரண்டு பிரதிகளில் எது பிள்ளைக்குப் போகும் என்பது தற்செயல். மெண்டலிய சமவாய்ப்பாக்கத்துக்கு அடிப்படை இதுதான்: குடியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மரபணு மாற்றம் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டு, நோய் யாருக்கு அதிகம் என்று பார்ப்பது. ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் 2003இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவலானது. ஆனால் மூன்று அனுமானங்கள் சரியாக இருந்தால்தான் இதன் முடிவை நம்பலாம்.

கிழக்காசியாவில் பலரிடம் ALDH2 மரபணுவின் rs671 என்ற மாற்றம் உண்டு. மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை இவர்கள் உடல் சரியாக உடைக்காது. ஒரு கிளாஸிலேயே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். அதனால் குறைவாகக் குடிப்பார்கள். மரபணு குடியை உண்மையிலேயே மாற்ற வேண்டும் என்ற முதல் அனுமானம் இங்கே வலுவாக நிற்கிறது.

இரண்டாவது, மரபணுவோடும் நோயோடும் ஒருசேரத் தொடர்புள்ள வேறொரு குழப்பக் காரணி இருக்கக் கூடாது. சீனாவில் இந்த மாற்றம் ஊருக்கு ஊர் வேறுபடும், பக்கவாதமும் அப்படியே. எனவே ஊர்வாரியாகச் சரிக்கட்டாமல் கணக்கிடக் கூடாது.

மூன்றாவதுதான் தலைவலி. மரபணு, குடியின் வழியாக மட்டுமே நோயைத் தொட வேண்டும். வேறு வழி இருந்தால் முடிவே தப்பு. இதைத் தரவைக் கொண்டு நிரூபித்துவிட முடியாது. ஆனால் சீனாவில் பெருந்திரளான மக்களின் மரபணுவையும் உடல்நலத்தையும் பதிவுசெய்யும் சீனா கடூரி உயிரிவங்கியின் ஆய்வாளர்கள் 2019இல் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். அங்கே ஆண்களில் மூன்றில் ஒருவர் வாராவாரம் குடிப்பவர். பெண்களிலோ சுமார் 2 சதவீதம்தான். மரபணுவுக்கு வேறு வழி இருந்தால் பெண்களிடமும் பக்கவாதம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஆண்களிடமோ, மரபணு கணித்த குடியின் அளவு கூடக் கூடப் பக்கவாதமும் கூடிக்கொண்டே போனது. 'கொஞ்சம் குடித்தால் நல்லது' என்று பழைய ஆய்வுகள் காட்டிய பலனைக் காணோம். மாரடைப்பில் மட்டும் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

மரபணுவால் நோயில் வரும் மாற்றத்தை, மரபணுவால் குடியில் வரும் மாற்றத்தால் வகுப்பதுதான் எளிய கணக்கு. அது சுலபம், அனுமானங்கள் நிற்குமா என்பதுதான் நோய்க்கு நோய் மாறும். இதே rs671ஐ உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இந்த மாற்றம் உள்ளவர் முகம் சிவந்தாலும் குடிக்கிறார் என்றால், அவர் உடலில் அசிட்டால்டிஹைடு தேங்கும். அதே அளவு குடிக்கும் மற்றவரைவிட அவருக்குப் புற்றுநோய் அபாயம் அதிகம். இங்கே மரபணு குடியின் அளவை மட்டுமல்ல, குடி செய்யும் கெடுதலையும் மாற்றுகிறது. மூன்றாவது அனுமானம் அப்போதே போச்சு.